கதையின் உச்சம் எங்கே? ஒரு மலைப் படத்தின் வரலாறு



என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்த ஒரு பெண்ணுக்கு இப்போது எட்டாம் வகுப்பில் மகள் இருக்கிறாள். மகளுடைய ஆங்கிலப் பயிற்சித் தாளைப் படம் எடுத்துப் போன வாரம் அனுப்பியிருந்தாள். மாப்பசான் எழுதிய 'நெக்லஸ்' கதைக்கு வரைபடம் போட வேண்டும். மலை மாதிரி ஒரு கோடு, அதன் மேல் ஐந்து பெட்டிகள்: எக்ஸ்போசிஷன், ரைசிங் ஆக்‌ஷன், கிளைமாக்ஸ், ஃபாலிங் ஆக்‌ஷன், ரெசல்யூஷன். நம் வகுப்பில் நாம் சொன்னபடி சொன்னால் அறிமுகம், வளர்ச்சி, உச்சம், இறக்கம், முடிவு. குழந்தை, நகை தொலைந்த இடத்தை உச்சம் என்று குறித்திருக்கிறாள். அதைச் சிவப்பு மையால் அடித்து, கதையின் கடைசி வரிதான் உச்சம் என்று திருத்தி, மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறார்கள். "எது சரி டீச்சர்?" என்று கேட்டிருந்தாள்.

இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் பதில் சொன்னால், அது ஒரு டீச்சர் பேச்சுக்கு இன்னொரு டீச்சரின் எதிர்ப்பேச்சாக நின்றுவிடும். அதனால் கொஞ்சம் பின்னால் போய் வருவோம்.

முதலில் கதை. படித்து மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1884 பிப்ரவரியில் பாரிஸ் நாளிதழ் ஒன்றில் வந்தது. மத்தில்த் என்பவள் அழகி. கல்வி அமைச்சகத்தில் வேலை செய்யும் ஒரு சாதாரண குமாஸ்தாவின் மனைவி. பெரிய இடத்து வாழ்க்கைக்கு ஏங்கி, இருக்கிற வாழ்க்கையை வெறுக்கிறாள். அமைச்சரின் விருந்துக்கு அழைப்பு வருகிறது. கணவன் துப்பாக்கி வாங்கச் சேர்த்து வைத்திருந்த 400 பிராங்கை உடைக்குக் கொடுக்கிறான். நகைக்கு, வசதியான தோழி ஃபொரெஸ்தியேயிடம் போய் ஒரு வைர நெக்லஸை இரவல் வாங்கி வருகிறாள். விருந்தில் எல்லார் கண்ணும் அவள் மேல். விடியற்காலையில் வீடு திரும்பிக் கண்ணாடியில் பார்த்தால் கழுத்தில் நெக்லஸ் இல்லை. தேடித் தேடியும் கிடைக்கவில்லை. அதே மாதிரி ஒன்றை 36,000 பிராங்குக்கு வாங்கித் தோழியிடம் கொடுத்துவிடுகிறார்கள். அப்பா விட்டுப்போன 18,000 இருந்தது, மீதி கடன். கடனை அடைக்கப் பத்து ஆண்டு. வேலைக்காரியை நிறுத்தி, மொட்டை மாடி அறைக்குக் குடிபோய், அவளே பாத்திரம் தேய்த்து, தண்ணீர் சுமந்து, சந்தையில் காசு காசாகப் பேரம் பேசி வாழ்கிறார்கள். கடன் தீர்ந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழியைத் தெருவில் பார்த்து நடந்ததைச் சொல்கிறாள். தோழி அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள்: என் நகை போலி, மிஞ்சிப்போனால் 500 பிராங்க் பெறும். அத்தோடு கதை முடிந்துவிடுகிறது.

இனி அந்த மலை. அதை வரைந்தவர் குஸ்தாவ் ஃப்ரைடாக் என்ற ஜெர்மானியர். 1816இல் பிறந்தவர். நாவலும் நாடகமும் எழுதி அந்தக் காலத்தில் பெரும் பெயர் பெற்றவர். 1863இல் நாடகத்தின் நுட்பம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில்தான் இந்தப் படம் வருகிறது. மிக எளிமையான படம். தலைகீழாகப் பிடித்த 'வி' எழுத்துப் போல இரண்டே கோடுகள், ஐந்து இடங்களில் ஐந்து எழுத்துக் குறிகள்: அறிமுகம், ஏற்றம், உச்சி, இறக்கம், பேரழிவு.

கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். முடிவு என்றோ தீர்வு என்றோ அவர் சொல்லவில்லை. 'கட்டஸ்ட்ரோஃபி' என்கிறார். ஏனென்றால் அவர் பேசியது சிறுகதையைப் பற்றியே அல்ல. ஐந்து அங்கம் கொண்ட துன்பியல் நாடகத்தைப் பற்றி. சோபோக்ளிஸ், ஷேக்ஸ்பியர், ஷில்லர் ஆகியோரின் நாடகங்களை எடுத்துக்கொண்டு, ஒரு நாயகன் எப்படி மேலே போகிறான், எந்த இடத்தில் காற்று திரும்புகிறது, பிறகு எப்படிக் கீழே விழுந்து அழிகிறான் என்று பார்த்தார். அப்படிப்பட்ட நாடகத்தில் உச்சி நடுவில்தான் இருக்கும். 'ஜூலியஸ் சீசர்' படித்தவர்கள் நினைத்துப் பாருங்கள். சீசரைக் குத்துவது மூன்றாம் அங்கத்தின் தொடக்கத்தில். அதுவரை புரூட்டஸின் கை ஓங்கிக்கொண்டே வருகிறது. அடுத்த காட்சியிலேயே ஆண்டனி பேசுகிறான், கூட்டம் திரும்பிவிடுகிறது. இன்னும் இரண்டு அங்கம் புரூட்டஸுக்கு இறக்கம்தான். மலையின் இரு பக்கமும் கிட்டத்தட்டச் சமமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆக ஃப்ரைடாக்கின் உச்சி என்பது, நாயகனின் நிலை திரும்புகிற இடம். வாசகனுக்கு நெஞ்சு அதிகமாக அடித்துக்கொள்கிற இடம் என்பது அதன் பொருள் அல்ல.

இந்த எண்ணம் அவருக்கும் முந்தியது. அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் நாடகத்தை இரண்டாகவே பிரித்தார்: முடிச்சுப் போடுவது, முடிச்சை அவிழ்ப்பது. தொடக்கத்திலிருந்து, நாயகனின் நிலை மாறப்போகும் இடம் வரை முடிச்சு. மாற்றம் தொடங்கும் இடத்திலிருந்து கடைசி வரை அவிழ்ப்பு. பிரெஞ்சுக்காரர்கள் கதை முடிவை 'தெனுமா' என்கிறார்கள். அதற்கும் முடிச்சவிழ்த்தல் என்றுதான் பொருள். நாம் 'கதையில் சிக்கல்' என்று பேசும்போதும் அதே நூல்தான் கையில் இருக்கிறது.

'கிளைமாக்ஸ்' என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. கிரேக்க மொழியில் அது ஏணி. பேச்சுக்கலையில் அது ஓர் அணியின் பெயர். ஒரு தொடரின் கடைசிச் சொல்லைப் பிடித்து அடுத்த தொடரைத் தொடங்கி, அதன் கடைசிச் சொல்லைப் பிடித்து மூன்றாவதைத் தொடங்கிப் படிப்படியாக ஏறுவது. நமக்கு அந்தாதி தெரியுமாதலால் இது உடனே பிடிபடும். முதலில் ஏணி முழுவதும்தான் கிளைமாக்ஸ். நாளடைவில் மேல்படிக்கு மட்டும் அந்தப் பெயர் நின்றுவிட்டது. இன்று சினிமாவில் கிளைமாக்ஸ் என்றால் கடைசிச் சண்டை. குழந்தைகள் பள்ளிக்கு வரும்போதே அந்தப் பொருளோடுதான் வருகிறார்கள்.

இப்போது நம் பக்கம் ஒரு பார்வை. நாடகக் கதையை ஐந்தாகப் பிரிப்பது நமக்கும் பழக்கம்தான். வடமொழி நாட்டிய சாத்திரம் ஐந்து சந்திகளைச் சொல்கிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் அவற்றை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்று சொல்லி, ஒரு வயலை வைத்து விளக்குகிறார். உழுத மண்ணில் போட்ட விதை முளைப்பது முகம். முளை நாற்றாவது பிரதிமுகம். பயிர் சூல் கொள்வது கருப்பம். கதிர் முற்றுவது விளைவு. அறுத்து, போரடித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து உண்பது துய்த்தல். உ.வே.சா. 1892இல் அந்த உரையைப் பதிப்பித்த பிறகு அது பலர் கைக்குப் போயிற்று. 1897இல் பரிதிமாற் கலைஞர் 'நாடகவியல்' எழுதினார்.

இந்த வயலையும் அந்த மலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஐந்து நிலை. ஆனால் வயலில் இறக்கம் என்று ஒன்று இல்லவே இல்லை. பயிர் வளர்ந்துகொண்டே போய்ச் சோற்றில் முடிகிறது. வயலைப் பார்த்தவருக்குக் கதை விளைவது. துன்பியல் நாடகத்தைப் பார்த்தவருக்குக் கதை ஏறி விழுவது. எந்த வகைக் கதையைப் பார்த்துப் படம் போட்டார்களோ, படம் அந்தக் கதையின் சாயலில்தான் இருக்கும்.

ஃப்ரைடாக்கின் புத்தகம் 1890களில் ஆங்கிலத்துக்கு வந்தது. பிறகு அமெரிக்க வகுப்பறைகளில் அந்த மலை நாடகத்தை விட்டுச் சிறுகதைக்குக் குடிபெயர்ந்தது. குடிபெயரும்போது இரண்டு மாற்றம் நடந்தது. பேரழிவு என்ற பெட்டியில் 'ரெசல்யூஷன்' என்று பெயர் எழுதினார்கள், ஏனென்றால் எல்லாக் கதையிலும் நாயகன் சாவதில்லை. இரண்டாவது, 'மிகப் பரபரப்பான இடம்' என்று உச்சிக்குப் புது விளக்கம் கொடுத்தார்கள். விளக்கம் மாறியது, படம் மட்டும் பழையபடியே நின்றது. சிறுகதையில் பரபரப்பு பெரும்பாலும் கடைசியை ஒட்டித்தான் வரும். ஆனால் படத்தில் உச்சி நடுவிலேயே இருக்கிறது. சில புத்தகங்களில் உச்சியை வலப்பக்கம் தள்ளி, கடல் அலை போல் சாய்த்து வரைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இந்தச் சங்கடத்தைச் சமாளிக்கச் செய்த வேலை.

இப்போது 'நெக்லஸ்' கதையை நாமே வரைந்து பார்ப்போம். ஒரு தாளை அகலவாட்டில் வைத்து, அடியில் 20 சென்டிமீட்டர் கோடு போடுங்கள். இது கதையின் நீளம். நாட்காட்டியின் நீளம் அல்ல, பக்கத்தின் நீளம். ஏன் என்று கேட்பீர்கள். அழைப்பு வந்ததிலிருந்து புது நெக்லஸைத் திருப்பிக் கொடுப்பது வரை ஒன்றிரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் பத்து ஆண்டு. நாட்காட்டிப்படி கோட்டைப் பிரித்தால், விருந்தும் நகையும் தொலைந்ததும் தேடியதும் எல்லாம் முதல் மூன்று மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். மீதிக் கோடு முழுவதும் பாத்திரம் தேய்ப்பதுதான். மாப்பசான் அந்தப் பத்து ஆண்டைச் சில பத்திகளில் கடந்துபோகிறார். அவர் எவ்வளவு இடம் கொடுத்தார் என்பதுதான் நமக்கு அளவு.

பக்கக் கணக்கில் பிரித்தால் சுமாராக இப்படி வரும். மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு கொஞ்சம் மாறும். முதல் 3 சென்டிமீட்டர் மத்தில்த்தின் ஏக்கம். அடுத்து அழைப்பு, உடை, நகை என்று 8 வரை. அதன்பின் விருந்து. 10க்கும் 11க்கும் நடுவில் கண்ணாடி முன் நிற்கிறாள், கழுத்து வெறுமையாக இருக்கிறது. 15 அளவில் புது நெக்லஸ் தோழியின் கைக்குப் போகிறது, அவள் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. 17 வரை பத்து ஆண்டு உழைப்பு. கடைசி 3 சென்டிமீட்டர் தெருவில் அந்தச் சந்திப்பு.

இனி உயரம். இங்கேதான் எல்லாத் தகராறும். பள்ளித் தாள்களில் கீழ்க்கோட்டுக்காவது கதையின் போக்கு என்று பெயர் உண்டு. நெட்டுக்கோட்டுக்குப் பெயரே இருப்பதில்லை. மலை எதை அளக்கிறது என்று எழுதாமல், மலையின் உச்சி எது என்று கேட்கிறோம். கணக்கு வாத்தியார் இப்படி ஒரு வரைபடம் போட்டால் நாமே விடமாட்டோம்.

முதலில் ஃப்ரைடாக்கின் அளவை வைத்துப் போடுவோம். உயரம் என்றால் மத்தில்த்தின் நிலை. ஏக்கத்தில் கீழே தொடங்குகிறாள். அழைப்பு, உடை, நகை என்று ஏறுகிறாள். விருந்தில் உச்சியில் நிற்கிறாள், அமைச்சரே அவளைக் கவனிக்கிறார். நகை தொலைந்ததும் திரும்புகிறது. கடன், மொட்டை மாடி அறை, பத்து ஆண்டு என்று கீழே கீழே. கடைசி வரியில், அத்தனையும் தேவையில்லாமல் பட்டது என்று தெரியும்போது அடிமட்டம். ஃப்ரைடாக் சொன்ன பேரழிவு அதுதான். கோடு ஏறக்குறைய நடுவில் உச்சி வைத்த அழகான மலையாக வருகிறது. நகை தொலையும் இடம் அதன் முனை. குழந்தை போட்ட படம் இதுதான்.

அடுத்து இன்றைய பள்ளியின் அளவு. உயரம் என்றால் வாசகனின் பதற்றம். இதற்கு ஒரு வேலை செய்ய வேண்டும்: ஒவ்வொரு இடத்திலும் வாசகன் மனதில் இருக்கும் கேள்வியை ஒரு வாக்கியமாக எழுத வேண்டும். 'விருந்துக்கு நல்லபடியாகப் போவாளா?' என்பது முதல் கேள்வி. விருந்தில் அது தீர்ந்துவிடுகிறது, ஒரு சின்ன மேடு. 'நகை கிடைக்குமா? தோழி கண்டுபிடித்துவிடுவாளா?' என்பது இரண்டாவது, இன்னும் உயர்ந்த மேடு. பெட்டியைத் திறக்காமல் வாங்கி வைத்ததும் பதற்றம் சட்டென்று தணிகிறது. பத்து ஆண்டும் தாழ்ந்த சமவெளி. கடைசியில் தோழியைப் பார்த்துப் பேசப் போகிறாள். 'இவள் என்ன சொல்வாள்?' கோடு செங்குத்தாக ஏறி, தாளின் வலது ஓரத்தில், உச்சியிலேயே முடிந்துவிடுகிறது. ஆசிரியை திருத்திய படம் இது.

ஆக என் பழைய மாணவிக்குப் பதில்: குழந்தை போட்டது சரியான படம். திருத்தியவர் மனதில் இருந்ததும் சரியான படம். வெவ்வேறு அளவுகோல். அளவுகோல் எது என்று கேள்வித்தாள் சொல்லாதபோது, காரணத்தோடு எழுதிய இரண்டு விடைக்கும் மதிப்பெண் உண்டு. காரணம் எழுதாமல் கடைசி வரியைக் குறித்த பிள்ளையைவிட, 'இங்கேதான் அவள் வாழ்க்கை திரும்புகிறது' என்று எழுதி நடுவில் குறித்த பிள்ளை கதையை நன்றாகப் படித்திருக்கிறாள். அவள் தாளில் அந்த வாக்கியம் இருந்தது, நான் பார்த்தேன்.

இன்னொன்றும் அந்தத் தாளில் என் கண்ணில் பட்டது. கடைசி வரிதான் உச்சம் என்றால், இறக்கம், முடிவு என்ற இரண்டு பெட்டிக்கும் கதையில் ஒன்றுமே மிச்சமில்லை. உச்சத்தைத் திருத்தியவர் அந்தப் பெட்டிகளைத் திருத்தவில்லை. 'முடிவு' பெட்டியில் குழந்தை, 'தோழி பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள்' என்று எழுதியிருக்கிறாள். கதையில் அப்படி ஒரு வரி கிடையாது. தோழி திருப்பிக் கொடுத்தாளா, மத்தில்த் சிரித்தாளா, மயங்கி விழுந்தாளா, எதையும் மாப்பசான் சொல்லவில்லை. அந்த வாய் மூடலில்தான் கதையின் பலமே இருக்கிறது. காலிப் பெட்டி கண்ணில் பட்டால் பிள்ளைகள் நிரப்பிவிடுவார்கள், அது அவர்கள் குற்றம் இல்லை. படம் கதைக்குப் பொருந்தவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்: கதையில் இல்லாத ஒன்றைப் பிள்ளை எழுதத் தொடங்கினால், பெட்டி அதிகம் என்று பொருள். அங்கே 'ஆசிரியர் சொல்லவில்லை' என்று எழுதச் சொல்லுங்கள், அதுவே சரியான விடை.

வீட்டில் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து போட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு மூன்றே விஷயம். பெட்டியில் தொடங்காதீர்கள். முதலில் நிகழ்ச்சிகளைப் பக்க வரிசையில் கோட்டில் குறியுங்கள். அடுத்து, நெட்டுக்கோட்டுக்குப் பக்கத்தில் 'அவள் நிலை' அல்லது 'என் பதற்றம்' என்று எதையாவது ஒன்றை எழுதிவிட்டுப் புள்ளி வையுங்கள். கோட்டை இழுத்தபிறகு, கடைசியாகத்தான் பெயர் எழுத வேண்டும். மேடு மூன்று இருந்தால் மூன்றையும் இருக்க விடுங்கள். இறக்கம் இல்லையென்றால் கோட்டை அங்கேயே நிறுத்துங்கள். இரண்டு அளவுகோலுக்கும் இரண்டு நிறப் பென்சிலில் ஒரே தாளில் போட்டால் இன்னும் நல்லது. 'நெக்லஸ்' கதையில், தொலைந்த இடத்துக்குப் பிறகு ஒரு கோடு கீழே இறங்கி ஓடும், மற்றது இறங்கிக் கிடந்து கடைசியில் விருட்டென்று எழும். இரண்டும் விலகிப் போகிற அந்த இடைவெளியைத்தான் பிள்ளைகள் விரல் வைத்துக் காட்டுவார்கள். ஏன் விலகுகிறது என்று கேளுங்கள். அதற்கு அவர்கள் சொல்லும் பதிலில் ஒரு வகுப்புக்கு வேண்டிய பாடம் இருக்கும்.

நம் 2004 வருஷத்துப் பிள்ளைகள் யாராவது இப்போது மொழி ஆசிரியராக இருந்தால், உங்கள் வகுப்பில் எந்தக் கதைக்கு மலை சரியாகப் பொருந்தியது, எதற்குப் பொருந்தவே இல்லை என்று எழுதுங்கள். பொருந்தாத கதையின் பெயரைத்தான் அதிகம் எதிர்பார்க்கிறேன். படத்தோடு அனுப்பினால் இன்னும் மகிழ்ச்சி. நெட்டுக்கோட்டுக்குப் பெயர் எழுத மறக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்